இரண்டாவது ஆயாவுக்கான விளக்கம்

சென்னைக்குப் போன விண்ணப்பம் பதினாறு நாளில் திரும்பி வந்துவிட்டது. பழுப்பு உறையைப் பிரித்ததும் திருஞானசம்பந்தம் முதலில் பார்த்தது நீலப் பென்சில் கோட்டைத்தான். ஒன்பது செலவு இனங்கள் எழுதியிருந்தார். எட்டுக்கு நேரே சின்னதாக ஒரு டிக். நான்காவது இனத்துக்கு நேரே மட்டும் ஒரு கோடு, அதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

நான்காவது இனம்: ஆயாக்கள் இருவர்.

சம்பந்தம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சங்கத்து வேலை போக, தெருவில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் அவர்தான். பட்டா மாறுதல் மனு, ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசுக் கடிதம், ஓடிப்போன மகனுக்குத் தகப்பன் எழுதும் கடிதம், எல்லாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்தான் என்றாலும் மனுவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்பதை அந்த எட்டாவதுக்குள்ளேயே கற்றுக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஓரம் விடுவார், வரிசை எண் போடுவார், ஒரு செய்திக்கு ஒரு பத்திதான். தெருவில் தறிக்கும் ராட்டைக்கும் போகிற பெண்களின் குழந்தைகளுக்காகச் சங்கம் நடத்தும் காப்பகத்துக்கு அறநிலையம் ஒன்று பணம் தருகிறது என்று தெரிந்தபோது, விண்ணப்பம் எழுதும் வேலை அவரிடம் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

உறைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. அறநிலையத்தின் திட்ட அலுவலர் ஆதிகேசவன் எழுதியது.

"அன்புடையீர். தங்கள் செலவின விளக்கங்களில் பெரும்பாலானவை தெளிவாக உள்ளன. கேழ்வரகுக்கு நீங்கள் எழுதியிருக்கும் முறை மிக நன்று. ஒரு குழந்தைக்கு ஐம்பது கிராம், இருபத்திரண்டு குழந்தைகள், மாதம் இருபத்தாறு நாள், ஆக இருபத்தெட்டரைக் கிலோவுக்குச் சற்று மேல், கிலோ தொண்ணூறு பைசா என்று எழுதிவிட்டீர்கள். எங்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் நான்காவது இனத்தில் இரண்டு ஆயாக்கள் 'நிர்வாக வசதியை முன்னிட்டு' என்று மட்டும் உள்ளது. சென்ற ஆண்டும் இதே சொற்கள்தாம். அதனால்தான் சென்ற ஆண்டு ஒருவரை மட்டும் அனுமதித்தோம். கிணறு மூடப்பட்டுவிட்டதாக நீங்களே எட்டாவது இனத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க இரண்டாவது ஆள் எதற்கு? அவர் என்ன செய்வார், அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும், சம்பளத் தொகை எப்படி வந்தது, இந்த மூன்றையும் ஆனி முப்பதுக்குள் எழுதி அனுப்பினால் பரிசீலிக்கலாம். இல்லையேல் ஒருவருக்கு மட்டுமே வழங்க இயலும்."

கடிதத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் சம்பந்தத்தை உட்காரவைத்துவிட்டது. 'சென்ற ஆண்டும் இதே சொற்கள்தாம்' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். சங்கத்து மாடியில் காற்றே இல்லை. கீழே யாரோ நூல் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சொற்கள் எப்படி வந்தன என்பது அவருக்கும் இன்னொருவருக்கும் மட்டும்தான் தெரியும். இன்னொருவர் சங்கத்தின் பொருளாளர் மயில்வாகனம். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர். சென்ற ஆண்டு வைகாசியில், முதல் விண்ணப்பம் எழுதும்போது, அவர் கடையில்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆயா ஒண்ணுதானா போட்டிருக்கே?" என்று மயில்வாகனம் அன்றைக்குச் சிரித்தார். "இன்னாப்பா சம்பந்தம், இத்தினி வருஷம் இந்த ஊர்ல இருந்துக்கினு இதுகூடத் தெரியலியா? புடவை இருநூறுன்னு சொன்னாத்தான் நூத்தி எழுபதுக்கு நிக்கும். வாங்கறவனுக்கும் கொறைச்சோம்னு ஒரு திருப்தி வேணும்பா. ஆயா ரெண்டுன்னு போடு. அவன் ஒண்ணை வெட்டுவான். மத்ததையெல்லாம் தொடமாட்டான்."

"ரெண்டாவதுக்கு இன்னான்னு விளக்கம் எழுதறது?"

"ஒண்ணும் எழுதாதே. ஆணித்தரமா எழுதிட்டா அதை வுட்டுட்டு கஞ்சியில கையை வெப்பான். அது வெட்டுறதுக்குன்னே போடற வரி. தெரியுதா?"

சம்பந்தத்துக்கு அது சாமர்த்தியமாகத்தான் பட்டது. வெட்டுவதற்கு வசதியாக ஒரு வரியை எப்படி எழுதுவது என்றுகூட அவர் யோசித்தார். காரணம் இருப்பதுபோலவும் இருக்க வேண்டும், பிடித்து நிற்கவும் கூடாது. 'நிர்வாக வசதியை முன்னிட்டு' என்று எழுதிவிட்டுத் தன்னையே மெச்சிக்கொண்டார். ஆடியில் பணம் வந்தது. மயில்வாகனம் சொன்னதுபோலவே ஒரு ஆயாவை வெட்டியிருந்தார்கள், மற்றதில் ஒரு காசு குறைக்கவில்லை.

அனுமதி கிடைத்த அந்த ஒரு ஆயா வேலைக்குச் சேர்ந்தவள் சம்பந்தத்தின் மனைவி தையல்நாயகி. அவர்களுடைய மகள் கமலவேணிக்கு அப்போது இரண்டேகால் வயது. குழந்தையையும் கூடவே அழைத்துக்கொண்டு போகலாம் என்பதால்தான் அவள் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, கமலவேணி காப்பகத்துப் பின்கட்டுக் கிணற்றில் விழுந்து இறந்தாள்.

அதற்குப் பிறகு தையல்நாயகி காப்பகத்துக்குப் போகவில்லை. பொன்னியம்மாள் என்ற பெண்ணைச் சங்கம் வேலைக்கு வைத்தது. கிணற்றின் மேல் இரும்புக் கம்பி வலை போட்டார்கள். தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள், பெற்றவளே பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லையே என்று. அது தையல்நாயகியின் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். அவள் வீட்டு முன்கட்டில் ராட்டையைப் போட்டுக்கொண்டு தறி நாடாவுக்கு நூல்தார் சுற்ற ஆரம்பித்தாள், காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும். எட்டு மாதமாகக் கணவனும் மனைவியும் அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாடு, தண்ணீர், சம்பளம், நூல், இவற்றைப் பற்றித்தான் பேசினார்கள்.

சம்பந்தம் கடிதத்தை எடுத்துக்கொண்டு மயில்வாகனத்தின் கடைக்குப் போனார். ஆனி மாதம், முகூர்த்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாலாஜாபாத்திலிருந்து கல்யாணப் புடவைக்கு வந்திருந்த ஒரு கூட்டம் ஜமக்காளத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்து கடிதத்தை நீட்டினார்.

மயில்வாகனம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். "சரியாத்தானே இருக்குது? ஒண்ணை வெட்டறேன்றான். வெட்டிக்கட்டும். அதுக்குத்தானே போட்டோம்?"

"இந்த வருஷம் நான் அதுக்குப் போடலைங்க. நெஜமாவே ரெண்டு பேரு வேணும்."

"அப்ப போன வருஷ வார்த்தையையே ஏன்பா எழுதினே?"

சம்பந்தம் கடிதத்தை வாங்கி மடித்தார். உண்மையில் அந்த இடம் வந்தபோது அவர் கை பழைய நகலைப் பார்த்து எழுதிவிட்டிருந்தது. மற்ற எட்டையும் புதிதாக யோசித்து எழுதியவர், நான்காவதை யோசிக்கப் பயந்து அப்படியே இறக்கிவைத்திருந்தார்.

மயில்வாகனத்தின் குரல் இறங்கியது. "இதோ பாரு சம்பந்தம். உன் மனசு எனக்குத் தெரியாதா? ஆனா ரெண்டாவது ஆளு ஏன்னு எழுத ஆரம்பிச்சா, அந்த சமாசாரம் வந்துடும். மெட்ராஸ்காரன் இன்னா பண்ணுவான்? பாவம்பான், ஐயோம்பான், பத்திரமில்லாத எடம்னு காப்பகத்தையே மூடிடுவான். இருபத்திரண்டு புள்ளைங்களும் மறுபடி தறிக்குழி ஓரத்துல உக்காரணும். வேணாம்பா. கெணத்துக்கு வலை போட்டாச்சு. ஒரு ஆளை வெச்சு ஓட்டுவோம்."

"எட்டாவது இனத்துல வலை போட்டோம்னு எழுதியிருக்கேங்க. ஏன் போட்டோம்னு அவங்களுக்குத் தெரியாது."

"தெரியவே வேணாம்ன்றேன்."

அன்று மத்தியானம் சங்க மாடியில் உட்கார்ந்து சம்பந்தம் மூன்று தாள்கள் எழுதினார். முதல் தாளில் 'குழந்தைகளின் நலனைக் கருத்திற்கொண்டு' என்று வந்தது. கிழித்தார். இரண்டாவதில் 'பணிச்சுமை மிகுதியால்' என்று வந்தது. என்ன பணி, எவ்வளவு சுமை? ஆதிகேசவன் உடனே கேட்பார். கேழ்வரகைக் கிராம் கணக்கில் எழுதியவருக்கு ஒரு ஆயாவின் நாளை ஒரு மணி நேரம்கூட எழுத முடியவில்லை. காப்பகம் எட்டு மணிக்குத் திறக்கிறது, ஐந்து மணிக்கு மூடுகிறது என்பதற்கு மேல் அவருக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. பொன்னியம்மாளைக் கேட்டுப் பார்த்தார். "வேலை ஜாஸ்தி சாமி, ஒண்டியா முடியலை" என்றாள், அழுதுவிடுவாள் போலிருந்தது. அவள் வந்ததிலிருந்து தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு தறியை விட்டு எழுந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் ஒருத்தியாக அந்த நாளை முழுசாக நடத்தியவள் ஒருத்திதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து தையல்நாயகி ராட்டையில் உட்கார்ந்ததும் சம்பந்தம் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா?"

"மெட்ராஸ்லேர்ந்து கேட்டிருக்காங்க. காப்பகத்துக்கு ரெண்டாவது ஆயா எதுக்குன்னு. வெவரமா எழுதணுமாம். எனக்கு... எனக்கு அங்க இன்னா நடக்கும்னு தெரியலை, தையலு."

ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது. சம்பந்தம் எழுந்துவிடலாமா என்று கையை ஊன்றினார்.

"எழுதிக்கோங்க" என்றாள்.

நிதானமாகச் சொன்னாள், கடைக்காரனுக்குச் சாமான் சொல்வதுபோல. வந்ததும் எட்டுக் குடம் தண்ணீர் இறைக்க வேண்டும், அதுக்கு இருபது நிமிஷம். அடுப்பு மூட்டி விறகு எடுத்துவைக்க அரை மணி. கேழ்வரகுக் கஞ்சி முக்கால் மணி நேரம், நடுவில் கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும், அடி பிடித்துவிடும். இரண்டு வயசுக்குக் கீழே ஆறு பேர். அவர்களைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய்க் கழுவி, துணி மாற்றிக் கொண்டுவர, நாள் முழுக்கச் சேர்த்தால் ஒரு மணி நேரம். பாத்திரம் கழுவ இருபத்தஞ்சு நிமிஷம். சம்பந்தம் ஓரத்தில் கூட்டிப் பார்த்தார். மூன்று மணி நேரம். ஒன்பது மணி நேரத்தில் மூன்று மணி நேரம் குழந்தைகள் இருக்கிற அறையில் பெரியவர் ஒருவரும் இல்லை.

"இது சும்மா இருக்கற நாள்ல" என்றாள் தையல்நாயகி. "ஒண்ணு வாந்தி எடுத்தா, ஒண்ணு வுழுந்து அடிபட்டுக்கினா, இதுல சேராது."

அவர் எழுதினார்.

"அன்னிக்கு ஒரு பையன் மூக்குல புளியங்கொட்டையைப் போட்டுக்கினான்" என்றாள் அவள்.

பேனா நின்றுவிட்டது. ராட்டையும் நின்றிருந்தது.

"கலாவதி புள்ள. மூச்சு வுட முடியலை, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. கஞ்சிக்குத் தண்ணி எடுத்துக்கினு அப்பதான் பின்கட்டுலேர்ந்து வந்தேன். கொடத்தை எறக்கிட்டு ஓடினேன். பின்கட்டுக் கதவைச் சாத்தலை. ரெண்டு கையிலயும் கொடம் இருந்துச்சு, எப்படிச் சாத்தறது? அவனை மடியில போட்டுக்கினு, இன்னொரு மூக்குத் தொளையை அடைச்சுக்கினு, ஊதுடா ஊதுடான்னு... வரலை. தலைகீழா புடிச்சுத் தட்டினேன். கடைசியில வுழுந்துச்சு. என் உள்ளங்கையில வுழுந்துச்சு. அவன் அழுதான். அழுதுட்டான்னா மூச்சு வந்துடுச்சு. நான் சிரிச்சேன். நெஜமா சிரிச்சேன். திரும்பித் தலையை எண்ணினேன்."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"மத்தவங்க புள்ளைங்களைத்தான் மொதல்ல எண்ணுவேன். இருபத்தொண்ணு. இருபத்தொண்ணும் சரியா இருந்துச்சு. நம்மளுதைக் கடைசியாத்தான் எண்ணுவேன்."

சம்பந்தம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவாதீங்க. எழுதுங்க" என்றாள். "இதையும் எழுதுங்க. ஊர்ல எல்லாருந்தான் பேசிட்டாங்க, மெட்ராஸ்காரங்க பேசிட்டுப் போவட்டும். இன்னொருத்தி இருந்திருந்தா அவ கொட்டையை எடுத்திருப்பா, நான் எண்ணியிருப்பேன். இல்லேன்னா நான் எடுத்திருப்பேன், அவ எண்ணியிருப்பா. கோர்வைப் புடவைக்குக் கரை கோக்கத் தறியில ரெண்டு பேரு உக்காராம ஆவுதா? அதை மட்டும் யாரும் ஏன்னு கேக்கமாட்டேன்றாங்க." பிறகு நூலை விரலில் பிடித்தபடியே கேட்டாள். "போன வருஷமும் ரெண்டு பேருன்னுதானே எழுதினீங்க? சொன்னீங்களே. ஏன் வெட்டினாங்க?"

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பணமில்லை என்று வெட்டினார்கள் என்று சொன்னால் முடிந்தது. அவளுக்கு அந்தக் கடிதத்தைப் படிக்க நேரமாகும், கேட்கவும் மாட்டாள். எட்டு மாதமாகச் சொல்லாமல் இருந்ததைத் தொடர்ந்து சொல்லாமல் இருந்தால் போதும்.

"நான்தான் வெட்டவெச்சேன்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் முழுவதையும் சொன்னார். கடையில் உட்கார்ந்தது, இருநூறு நூற்றெழுபது, வெட்டுவதற்கென்றே போட்ட வரி. காரணம் எழுதாமல் விட்டது. எழுதியிருந்தால் அவர்கள் கொடுத்திருக்கக்கூடும் என்பது. சொல்லச் சொல்லக் குரல் மனு வாசிக்கிற குரலாகிவிட்டதை அவரே கேட்டார், ஆனால் வேறு குரலில் சொல்ல வரவில்லை.

தையல்நாயகி விரலிலிருந்த நூலைப் பிரித்துக் கீழே வைத்தாள். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"கதவைச் சாத்தலையேன்னு" என்றாள் கடைசியில். "எட்டு மாசமா தெனம் அந்தக் கதவைத்தான் சாத்திக்கினு இருக்கேன் நான். கண்ணை மூடினா கதவு. நீங்க இங்கதானே படுத்திருந்தீங்க? நான் அழுவறதைக் கேட்டுக்கினுதானே இருந்தீங்க?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"ஒரு வார்த்தை. உன்மேல மட்டும் இல்லடி, என்மேலயும் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொஞ்சம் தூங்கியிருப்பேனே."

அவள் ராட்டையை ஓரமாகத் தள்ளினாள். "எழுதி முடிங்க. எல்லாத்தையும் எழுதுங்க. போன வருஷம் ஏன் எழுதலைன்றதையும் எழுதுங்க." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் சம்பந்தம் நான்காவது இனத்தை எழுதி முடித்தார். வாழ்நாளில் எழுதிய மனுக்களில் இதில்தான் 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு' இல்லை, 'தாழ்மையுடன்' இல்லை, ஒரு அலங்காரமும் இல்லை.

"இனம் 4. ஆயாக்கள் இருவர். ஒருவருக்கு மாதம் ரூபாய் 45, ஆண்டுக்கு ரூபாய் 540. இருவருக்கு ரூபாய் 1,080. இவ்வூரில் தார் சுற்றும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் கிடைக்கிறது. இருபத்தாறு நாளுக்கு ரூபாய் 45.50. அதைவிட மிகவும் குறைத்தால் ஆள் நிற்கமாட்டார்கள். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

"ஆயா ஒருவரே இருந்தால், தண்ணீர் இறைத்தல், அடுப்பு, கஞ்சி, சிறு குழந்தைகளைக் கழுவுதல், பாத்திரம் ஆகியவற்றுக்காக நாளில் மூன்று மணி நேரம் அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும். நேர விவரம் தனித்தாளில் உள்ளது. அந்த மூன்று மணி நேரமும் குழந்தைகளுடன் இருப்பதே இரண்டாவது ஆயாவின் வேலை.

"அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். சென்ற ஐப்பசியில் ஆயா ஒருவர் மட்டும் இருந்தபோது, மூச்சடைத்த ஒரு குழந்தையை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வேறொரு குழந்தை கிணற்றில் விழுந்து இறந்தது. கிணறு இப்போது மூடப்பட்டுவிட்டது. அடுப்பும் தெருக்கதவும் இருக்கின்றன.

"சென்ற ஆண்டு விண்ணப்பத்தில் இரண்டாவது ஆயாவுக்கு நாங்கள் காரணம் எழுதவில்லை. தொகையில் எதையாவது குறைப்பீர்கள் என்று கருதி, குறைப்பதற்கென்றே அந்த வரியைச் சேர்த்தோம். அது எங்கள் தவறு. எழுதியவன் நான். இறந்த குழந்தை என் மகள். ஆயா என் மனைவி. அவர்மீது தவறில்லை."

மறுநாள் மயில்வாகனத்திடம் நகலைக் காட்டினார், அனுப்பிய பிறகு. படித்து முடித்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூடிட்டான்னா உன்னைத்தான் கேப்பேன்" என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் நிறுத்தினார். "எனக்கும் அதுல பங்கு இருக்குதேப்பா. என் பேரையும் போட்டிருக்கலாமே" என்றார். பிறகு கடைப்பையனைக் கூப்பிட்டு இரண்டு காப்பி சொன்னார். வந்த காப்பியை இருவருமே குடிக்கவில்லை.

அதே வாரம் தையல்நாயகி வாலாஜாபாத்தில் அக்கா தில்லையம்மாள் வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றும் போடவில்லை. ஒரு பையில் இரண்டு புடவை வைத்துக்கொண்டாள், அரிசிப்பானையில் எவ்வளவு இருக்கிறது, கெரசின் எங்கே என்று சொன்னாள். "கொஞ்ச நாள் அங்க இருக்கறேன்" என்றாள். எத்தனை நாள் என்று சம்பந்தம் கேட்கவில்லை.

ஆடி பிறந்து ஏழாம் நாள் சென்னையிலிருந்து பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு, சங்கத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சம்பந்தம் வாலாஜாபாத் பஸ் ஏறினார். பாலாற்று மணல் வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. வழியெல்லாம் கடிதத்தில் ஒரு வரியை அவளுக்குப் படிக்காமல் விட்டுவிடலாமா என்றே யோசித்துக்கொண்டு வந்தார். ஊருக்கெல்லாம் கடிதம் படித்துச் சொல்பவர் அவர். வேண்டாத வரியைத் தாண்டிப் படிப்பது அவருக்குத் தெரியாத வித்தையல்ல. எத்தனையோ மாமியார்களுக்கு மருமகளின் கடிதத்தை அப்படிப் படித்திருக்கிறார்.

தில்லையம்மாள் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டுவிட்டு, களத்தில் நெல் காய்கிறது என்று சொல்லி வெளியே போய்விட்டாள். தையல்நாயகி சுவரோரம் நின்றாள். இளைத்திருந்தாள்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ரெண்டு ஆயாவும் குடுத்துட்டாங்க. காப்பகத்தை மூடலை. இந்த மாசத்துலேர்ந்தே சம்பளம்."

"மொத்தத்தையும் படிங்க."

அவர் படித்தார். நான்காவது இனம் முழுமையாக ஏற்கப்படுகிறது. தொகையில் மாற்றம் இல்லை. நேர விவரத் தாளை மற்றக் காப்பகங்களுக்கும் மாதிரியாக அனுப்ப அனுமதி தர வேண்டும். தங்களுக்கும் தங்கள் மனைவியாருக்கும் ஏற்பட்ட இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தம்.

அடுத்த வரி வந்தது. பஸ்ஸில் யோசித்த வரி அதுதான். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'இவ்விளக்கம் சென்ற ஆண்டே எங்களுக்குக் கிடைத்திருக்குமானால், சென்ற ஆண்டே இருவருக்கும் ஒப்புதல் தந்திருப்போம் என்பதை மிகுந்த மனவேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'"

"இன்னொரு தரம் படிங்க."

படித்தார். அவள் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தார். தையல்நாயகி இரண்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். விரலை அந்த வரியின் கீழ் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, உதட்டுக்குள்ளேயே வாசித்தாள். 'சென்ற ஆண்டே' என்ற இடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நகர்ந்தது.

முடித்ததும் தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"ரெண்டாவது ஆளா யாரைப் போடறாங்க?"

"இன்னும் யாரையும் சொல்லலை. நீ வர்றதா இருந்தா..."

"நான் வரலை." உடனே சொன்னாள். பிறகு குரல் தணிந்தது. "பொன்னியம்மாளுக்கு இடுப்புல வலி இருக்குது. தண்ணி எடுக்கறதைப் புதுசா வர்றவளை எடுக்கச் சொல்லுங்க. பொன்னியம்மா உள்ள இருக்கட்டும். அவளுக்குப் புள்ளைங்க பேரெல்லாம் தெரியும்."

"சொல்றேன்."

"எண்ணச் சொல்லுங்க. மணிக்கு ஒரு தரம்."

"சொல்றேன்."

வீட்டில் கெரசின் தீர்ந்துபோனதைச் சொல்லலாம். தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைச் சொல்லலாம். ஊருக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் கொடுக்கிறவர், மன்னித்துவிடு என்பதற்கு ஒரு வார்த்தை தேடிக்கொண்டு மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் செம்பை வாங்கிக்கொண்டாள்.

"கெளம்புங்க" என்றாள். "பஸ்ஸு போயிடப் போவுது."

மணி மூன்றுகூட ஆகவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் பஸ் உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

"ஆமா, போயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.